ப்ளூடூத் மவுஸ், ஹெட்ஃபோன் சேரவில்லையா, இழுக்கிறதா? கடையில் தினமும் கேட்கும் கேள்விகள்

தக்கலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பத்து பேர் வந்தால் அதில் இரண்டு பேராவது ப்ளூடூத் தொல்லையோடுதான் வருகிறார்கள். பாதிப் பேருக்கு நான் கழற்றிப் பார்க்கவே வேண்டியதில்லை. மேசையில் வைத்தபடியே சரியாகிவிடும், அதற்குக் காசு வாங்கவும் கூச்சமாக இருக்கும். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதிலையும் போட்டுவிட்டேன். விண்டோஸ் 10, 11 உள்ள கணினிகளை மனதில் வைத்து எழுதியது இது. வேறு ஏதாவது என்றால் அந்த இடத்தில் சொல்கிறேன்.

அண்ணே, ஒயர் இல்லாத மவுசு வாங்கினேன். லேப்டாப்புல ப்ளூடூத்த எத்தன தடவ தேடியும் அதோட பேரே வரல்ல.

மவுஸைத் திருப்பி, பேட்டரி மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு யுஎஸ்பி துண்டு செருகியிருக்கிறதா? இருந்தால் அது பெரும்பாலும் ப்ளூடூத் மவுஸே இல்லை, டாங்கிள் மவுஸ். அந்தத் துண்டை லேப்டாப்பில் செருகினால் அடுத்த நொடியே ஓடும். ப்ளூடூத் பட்டியலில் எத்தனை நாள் தேடினாலும் வராது. இரண்டுக்கும் ஒயர் கிடையாது, இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் பேசுகின்றன, ஆனால் பேசும் மொழி வேறு.

டாங்கிளைத் தொலைத்துவிட்டு "ப்ளூடூத்துல சேத்துக் குடுங்க" என்று மவுஸை மட்டும் கொண்டு வருபவர்களும் உண்டு. அடிப்பக்கத்தில் ப்ளூடூத் சின்னமோ, 1, 2, 3 என்று எண் மாற்றும் பொத்தானோ இருந்தால் வழியுண்டு. இரண்டும் இல்லை என்றால் கையை விரிக்க வேண்டியதுதான்.

பேர் பண்றதும் கனெக்ட் ஆகுறதும் ஒண்ணுதானே?

ரெண்டும் வேறு. முதல்முறை சேர்க்கும்போது கணினியும் மவுஸும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கு ஒரு பிரதி எழுதி வைத்துக்கொள்கின்றன. இதுதான் பேர் பண்ணுவது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஆன் செய்யும்போது இரண்டும் அந்தச் சாவியை ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் கைகோர்க்கின்றன. இது கனெக்ட் ஆவது. பேர் பண்ணுவது ஒருமுறை, கனெக்ட் ஆவது தினமும்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், சேராத தொல்லைகளில் பெரும்பாலானவை இந்தச் சாவியில் வரும் குழப்பம்தான். சேர்ந்த பிறகு இழுப்பதும் வெட்டுவதும் வேறு ரகம், அது அலையில் வரும் குழப்பம். உங்கள் தொல்லை எந்த ரகம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

(கடையில் "பேர் ஆகல்ல" என்று ஒருவர் சொன்னால், ஜோடி சேரவில்லையா, பட்டியலில் பெயர் வரவில்லையா என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. தமிழில் இந்த ஒரு சொல் படுத்தும் பாடு பெரும்பாடு.)

ஹெட்ஃபோன் ஆன் ஆயிடிச்சு, லைட்டும் மின்னுது. ஆனா லிஸ்ட்டுல காட்டமாட்டேங்குது.

ஆன் ஆவதும், புது ஆளைச் சேர்க்கத் தயாராக இருப்பதும் ஒன்றல்ல. சும்மா ஆன் செய்தால் ஹெட்ஃபோன் தனக்கு ஏற்கனவே தெரிந்த கருவியைத்தான் தேடும். புதிதாகச் சேர்க்க வேண்டுமானால் முதலில் அதை ஆஃப் செய்யுங்கள். பிறகு பவர் பொத்தானை அழுத்தி, விரலை எடுக்காமல் ஐந்து முதல் ஏழு நொடி வரை பிடித்துக்கொள்ளுங்கள். விளக்கு இரண்டு நிறத்தில் மாறி மாறியோ, வழக்கத்தைவிட வேகமாகவோ மின்னத் தொடங்கும். காதில் செருகும் சின்ன பட்ஸ் என்றால் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து, பெட்டியில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். மவுஸில் அடிப்பக்கப் பொத்தானை மூன்று நொடி.

அப்படியும் வரவில்லையா? வீட்டில் வேறு யார் போனிலாவது இது முன்பு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கருங்கலிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஹெட்ஃபோன் கடையில் நன்றாகச் சேர்கிறது, வீட்டுக்குப் போனால் சேரவில்லை. மூன்று முறை நடந்தார். கடைசியில் பார்த்தால், மகன் அதைத் தன் போனில் ஏற்கனவே சேர்த்திருக்கிறான். பக்கத்து அறையில் சார்ஜில் கிடந்த அந்தப் போன், ஹெட்ஃபோன் ஆன் ஆனதும் ஓடிவந்து பிடித்துக்கொள்கிறது. அந்தப் போனில் ப்ளூடூத்தை அணைத்ததும் லேப்டாப்பில் பெயர் வந்துவிட்டது.

விண்டோஸ் 11-ல் இன்னொரு இடமும் உண்டு. Settings, Bluetooth & devices, Devices என்று போய்க் கீழே வந்தால் Bluetooth devices discovery என்று இருக்கும். அதை Default-லிருந்து Advanced-க்கு மாற்றினால், முன்பு காட்டாத சில பழைய கருவிகளும் பட்டியலில் வரும்.

நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு. இன்னைக்கு Paired-ன்னு காட்டுது, ஆனா சேரமாட்டேங்குது.

இரண்டாம் கேள்வியில் சொன்ன சாவிதான். ஒரு பக்கத்தில் சாவி மாறிவிட்டது, இன்னொரு பக்கம் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டிருக்கலாம், ஹெட்ஃபோனை ரீசெட் செய்திருக்கலாம். சில ஹெட்ஃபோன்களுக்கு இத்தனை கருவிகளைத்தான் நினைவில் வைக்க முடியும் என்ற கணக்கு உண்டு. அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தால் பழைய ஒன்று தானாக அழிந்துவிடும்.

இதற்கு இரண்டு பக்கத்திலும் அழிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்துவிட்டு மறுபடியும் மறுபடியும் முயல்வதில்தான் ஆட்கள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். கணினியில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Remove device கொடுங்கள். ஹெட்ஃபோனை அதன் கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்யுங்கள். பிறகு கணினியை Restart செய்யுங்கள். Shut down செய்து திரும்பப் போடுவது போதாது, காரணம் அடுத்த பதிலில். அதன்பின் முதல்முறை சேர்ப்பது போலவே சேருங்கள்.

அடியில் 1, 2, 3 உள்ள மவுஸ் என்றால் இத்தனைக்கும் முன்னால் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு கணினியை நினைவில் வைத்திருக்கும். பையில் போட்டு எடுக்கும்போது பொத்தான் அழுந்தி 1-லிருந்து 2-க்குத் தாவியிருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

ப்ளூடூத்துன்னு ஒரு பொத்தானே இல்லாம போச்சு! வைரசா?

வைரஸ் இல்லை. ப்ளூடூத் சில்லு தூக்கத்தில் மாட்டிக்கொண்டது. விண்டோஸில் Shut down கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை, அடுத்த முறை சீக்கிரம் எழும்ப வேண்டும் என்று பாதி நிலையைச் சேமித்துக்கொண்டு படுக்கிறது. மாட்டிக்கொண்ட சில்லு அதே நிலையில் மறுநாளும் எழும்புகிறது. எனவே முதலில் Restart.

அதிலும் வரவில்லை என்றால் அணைத்துவிட்டு, சார்ஜர் ஒயரையும் கழற்றி, பவர் பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிகிற பழைய லேப்டாப் என்றால் அதையும் கழற்றிக்கொள்ளுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து சில்லு புதிதாக எழும்பும். மின்னல் அடித்துக் கரண்ட் போய் வந்த மறுநாள் காலையில் இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் அதிகம், பெரும்பாலானோருக்கு இது போதும். அப்படியும் வராவிட்டால் Windows விசையோடு R அழுத்தி, services.msc என்று அடித்து, Bluetooth Support Service ஓடுகிறதா என்று பாருங்கள். Device Manager-இல் Bluetooth என்ற தலைப்பே காணவில்லை என்றால், லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்கள்.

மவுசு ஓடுது, ஆனா பைய இழுத்து இழுத்து ஓடுது. அம்பு ஒரு இடத்துல நின்னு சட்டுனு தாவுது.

அலையைக் குறை சொல்வதற்கு முன்னால் இரண்டு சின்ன சோதனை. முதலாவது, மவுஸுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சரியாக ஓடினால் குற்றம் மேசையில். நம் ஊர்க் கடைகளில் கண்ணாடி போட்ட மேசை நிறைய. அதற்கு அடியில் சாமி படமும் விசிட்டிங் கார்டும் வைத்திருப்பார்கள். மவுஸின் கண் தரையில் உள்ள நுண்ணிய சொரசொரப்பைப் பார்த்துத்தான் அசைவைக் கணக்கிடுகிறது. வழவழப்பான கண்ணாடியில் அதற்குப் பிடிப்புக் கிடைக்காது. ஒரு மவுஸ் பேட் போதும்.

இரண்டாவது, பேட்டரி. சார்ஜ் செய்யும் பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண பேட்டரி புதிதில் 1.5 வோல்ட். இந்த வித்தியாசத்தால் சில மவுஸ் நல்ல சார்ஜ் பேட்டரியையும் தீர்ந்துபோனதாக நினைத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் ஒரு புது சாதாரண பேட்டரி போட்டு ஒரு நாள் பாருங்கள்.

இரண்டும் சரி, ஆனாலும் தாவுகிறது என்றால் அலைதான். அதற்கு அடுத்தடுத்த பதில்களைப் பாருங்கள்.

புது பேட்டரி போட்டாச்சு. ஒரு நேரம் ஓடுது, ஒரு நேரம் செத்துக் கெடக்கு, தட்டினா உயிர் வருது.

தட்டினால் உயிர் வருகிறது என்றால் தொடுமுனையில் துரு. குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வரும் மவுஸ்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கடற்காற்றில் உள்ள உப்பு, பேட்டரி உட்காரும் சுருள்கம்பியில் பச்சையாகவோ பழுப்பாகவோ படிந்திருக்கும். பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பிடிவாதமான துருவை மட்டும் நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

வெள்ளைப் பொடியாகப் பொங்கியிருந்தால் அது பேட்டரி ஒழுகியது. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம், வெறுங்கையால் தொட வேண்டாம். பஞ்சில் இரண்டு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுத் தொட்டால் நுரைத்து அடங்கும். அதைத் துடைத்துவிட்டு ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். பள்ளிக்கூட லீவுக்கு ஊருக்குப் போகும்போது மவுஸிலிருந்து பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் இந்த வேலை மிச்சம்.

ஹார்ட் டிஸ்க்கு மாட்டினா மட்டும் மவுசுக்குக் கிறுக்கு புடிக்குது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி?

சம்பந்தம் இருக்கிறது. இதைக் கேட்டவர் மார்த்தாண்டத்தில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர். அவருடைய கதையை முழுதாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த அலைத் தொல்லைகளில் யாரும் சந்தேகப்படாதது இதுதான். மேசைக் கணினி, ப்ளூடூத் மவுஸ். கணினியில் ப்ளூடூத் இல்லாததால் சின்ன யுஎஸ்பி ப்ளூடூத் துண்டு ஒன்றைப் பெட்டியின் பின்பக்கம் செருகியிருந்தார். பகலெல்லாம் நன்றாக ஓடும். சாயங்காலம் படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றும்போது மட்டும் அம்பு தத்தளிக்கும். மணப்பெண்ணின் கன்னத்தில் உள்ள பருவை அழிக்கப் போனால் மூக்குத்தி அழிந்துவிடுகிறது என்றார். மவுஸை இரண்டு முறை மாற்றிவிட்டார், பலனில்லை.

பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் செருகிய நீல நிற யுஎஸ்பி 3.0 ஓட்டையும், ப்ளூடூத் துண்டு செருகிய ஓட்டையும் ஒட்டி ஒட்டி இருந்தன. யுஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது அதன் ஓட்டையிலிருந்தும் ஒயரிலிருந்தும் ஒருவித இரைச்சல் கசிகிறது. அது சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவி விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதை அளந்து ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. மவுஸின் அலை மெல்லியது. காதருகே ஒருவர் தகரம் தட்டும்போது எதிர் மேசையில் இருப்பவர் கிசுகிசுத்தால் கேட்குமா? அந்தக் கதைதான். போதாததற்கு நடுவில் இரும்புப் பெட்டி.

சந்தேகம் மட்டும் போதாதே, சோதித்தோம். படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது தாவல். ஏற்றுவதை நிறுத்தி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் வெண்ணெய் மாதிரி ஓட்டம். மறுபடி செருகி ஏற்றினால் மறுபடி தாவல். பிறகு டிஸ்க்கைக் கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 ஓட்டைக்கு மாற்றினோம். மவுஸ் சரியாகிவிட்டது, ஆனால் 20 ஜிபி படங்கள் ஏறப் பத்து நிமிடம் ஆனது. நீல ஓட்டையில் அது மூன்று நான்கு நிமிட வேலை. தினமும் இரண்டு மூன்று ஆல்பம் ஏற்றுபவருக்கு அது கட்டுப்படியாகாது. கடைசியில் டிஸ்க்கை நீல ஓட்டைக்கே திருப்பிவிட்டு, ப்ளூடூத் துண்டுக்கு ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கி, அதை மேசைமேல் மானிட்டருக்குக் கீழே கொண்டுவந்து வைத்தோம். படமும் வேகமாக ஏறுகிறது, மூக்குத்தியும் தப்பித்தது. சாதாரண யுஎஸ்பி 2.0 நீட்டிப்பு ஒயர் போதும், ப்ளூடூத் துண்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

லேப்டாப் என்றால் உள்ளிருக்கும் ஆன்டெனாவை நகர்த்த முடியாது, ஆகவே டிஸ்க்கைத்தான் நகர்த்த வேண்டும். எதிர்ப்பக்கத்து ஓட்டையில் செருகி, நல்ல கவசம் உள்ள தடித்த ஒயரால் டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பென் டிரைவ், யுஎஸ்பி ஹப் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

எங்கிட்ட டாங்கிள் மவுசுதான் இருக்கு. அதுக்கும் இதேதானா?

இதே இரைச்சல், இதே மருந்து. சொல்லப்போனால் டாங்கிள் எப்போதும் ஏதாவது ஒரு ஓட்டையில் செருகியே இருப்பதால் அதற்குத் தொல்லை கூடுதல். முன்பக்க ஓட்டைக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது மேலே சொன்ன நீட்டிப்பு ஒயர்.

பாட்டு நல்லாட்டு கேக்குது. வைஃபைல படம் டவுன்லோட் போட்டா மட்டும் வெட்டி வெட்டி வருது.

பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே அட்டையில் இருக்கின்றன, ஆன்டெனாவையும் பகிர்ந்துகொள்கின்றன. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் இரண்டும் ஒரே சாலையில் முறைவைத்துப் போக வேண்டும். வைஃபை லாரி லாரியாகத் தரவை இறக்கும்போது ப்ளூடூத்துக்கு இடம் கிடைப்பதில்லை. ப்ளூடூத் நொடிக்குப் பலமுறை அலைவரிசை மாறித் தப்பிக்கப் பார்க்கும், ஆனால் தப்பிக்கவும் இடம் வேண்டுமே.

ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் லேப்டாப்பை அதற்கு மாற்றிவிடுங்கள். பெயரின் முடிவில் 5G என்று வரும் வைஃபை பெரும்பாலும் அதுதான். இது ஒன்றே பல வீடுகளில் தொல்லையைத் தீர்த்துவிடும். ஒரு குறை உண்டு, அந்த அலை சுவர்களைத் தாண்டுவதில் பலவீனம். பழைய மண்சுவர், கருங்கல் சுவர் வீடுகளில் அடுத்த அறைக்கே தடுமாறும். அப்படிப்பட்ட வீட்டில் ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் 2.4-இன் சேனல் அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து வையுங்கள். வைஃபை வேகம் கொஞ்சம் குறையும், ப்ளூடூத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

போனை வலது பாக்கெட்டுல வச்சா நல்லா கேக்குது, இடதுல வச்சா வெட்டுது. மனப்பிரமையோ?

பிரமை இல்லை. நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். உங்கள் ஹெட்ஃபோனின் ஆன்டெனா வலது காதில் இருக்கிறது. வலது பாக்கெட்டிலேயே வையுங்கள்.

மீட்டிங்ல சேந்த உடனே சத்தம் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி ஆயிடுது. ஹெட்ஃபோன் போச்சா?

ஹெட்ஃபோன் நன்றாகத்தான் இருக்கிறது. வழக்கமான ப்ளூடூத்தில் ஹெட்ஃபோனுக்கு இரண்டு வேடம். பாட்டு கேட்கும் வேடத்தில் இரண்டு காதுக்கும் தனித்தனியாக நல்ல ஒலி வரும், ஆனால் மைக் வேலை செய்யாது. போன் பேசும் வேடத்தில் மைக் வேலை செய்யும், ஆனால் ஒலி ஒற்றைத் தடத்தில், தரம் குறைந்து வரும். மீட்டிங் செயலி ஹெட்ஃபோனின் மைக்கைத் தொட்ட அந்த நொடியே கணினி இரண்டாவது வேடத்துக்கு மாறிவிடுகிறது.

வேலைக்காக வீட்டிலிருந்து பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மீட்டிங் செயலியின் ஒலி அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஸ்பீக்கராக மட்டும் ஹெட்ஃபோனை வையுங்கள். சத்தம் உடனே தெளியும். பட்டியலில் ஹெட்ஃபோன் இரண்டு முறை வந்தால் Stereo என்று முடிவது பாட்டு வேடம், Hands-Free என்று வருவது போன் வேடம். விண்டோஸ் 11-ல் பெரும்பாலும் ஒரே பெயராகத்தான் காட்டும், மைக்கை மாற்றினாலே போதும். மீட்டிங் முடிந்த பிறகும் சத்தம் மட்டமாகவே இருந்தால் ஏதோ ஒரு செயலி இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முழுதாக மூடுங்கள்.

படம் பாக்கும்போது வாய் முன்னால போவுது, சத்தம் பின்னால வருது.

ஒலியைச் சுருக்கி, அனுப்பி, ஹெட்ஃபோனில் விரித்து, வெட்டாமல் இருக்கக் கொஞ்சம் சேர்த்து வைத்து ஒலிக்க வேண்டும். எல்லா ஹெட்ஃபோனிலும் இருக்கும் சாதாரண முறையில் இதற்கு ஏறக்குறைய 150 முதல் 250 மில்லிநொடி ஆகும். நொடியில் கால்வாசி என்றால் உதடு தவறுவது கண்ணுக்குத் தெரியும். போனில் வீடியோ செயலிகள் இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுப் படத்தையும் அந்த அளவு பிந்த வைக்கின்றன. அதனால் அங்கே தெரியாது, கணினியில் சில பிளேயர்களில் தெரியும்.

VLC-யில் பார்க்கிறீர்கள் என்றால் படம் ஓடும்போது J விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒலி 50 மில்லிநொடி முன்னால் வரும். மூன்று நான்கு அழுத்தலில் உதடும் சத்தமும் சேர்ந்துவிடும். அதிகமாகப் போய்விட்டால் K அழுத்தித் திருப்புங்கள்.

விளையாட்டுக்கு இந்த வித்தை பலிக்காது. நீங்கள் பொத்தானை அழுத்திய பிறகுதான் துப்பாக்கிச் சத்தமே பிறக்கிறது, அதை முன்கூட்டி அனுப்ப முடியாதே. ஹெட்ஃபோனில் கேம் மோடு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் ஒயர் ஹெட்ஃபோன் மாட்டுங்கள். கீபோர்டு வாசிப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

கொஞ்ச நேரம் தொடாம இருந்தா மவுசு உறங்கிடுது. அசைச்சா உடனே எழும்பல்ல.

ஒரு நொடி, இரண்டு நொடி என்றால் அது பேட்டரியை மிச்சப்படுத்த மவுஸ் போடும் தூக்கம், குறையில்லை. ஐந்து பத்து நொடி ஆகிறது, சில நேரம் அணைத்துப் போட்டால்தான் வருகிறது என்றால் தூங்குவது கணினிப் பக்கம். Device Manager-ஐத் திறந்து, Bluetooth-க்குக் கீழே உங்கள் அடாப்டரை இருமுறை சொடுக்கி, Power Management தாவலில் Allow the computer to turn off this device to save power என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்களில் அந்தத் தாவலே இருக்காது. அங்கே டிரைவரைப் புதுப்பிப்பதுதான் வழி.

ஒரே லேப்டாப்புல விண்டோசும் உபுண்டுவும் வச்சிருக்கேன். ஒண்ணுல சேத்தா மத்ததுல அறுந்துபோவுது.

இன்ஜினியரிங் பிள்ளைகள் கேட்கும் கேள்வி, ஆனால் நல்ல கேள்வி. லேப்டாப்பின் ப்ளூடூத் சில்லுக்கு ஒரே முகவரிதான். விண்டோஸில் சேர்த்தபோது ஒரு சாவி உருவானது. உபுண்டுவில் சேர்த்தபோது அதே முகவரிக்கு வேறு சாவி. மவுஸ் ஒரு முகவரிக்கு ஒரு சாவிதான் வைத்துக்கொள்ளும், பழையதை அழித்துவிடும். விண்டோஸுக்குத் திரும்பினால் நான்காம் கேள்வியில் சொன்ன நிலைமைதான்.

அடியில் 1, 2, 3 உள்ள மவுஸ் என்றால் சுலபம்: 1-ஐ விண்டோஸுக்கும் 2-ஐ உபுண்டுவுக்கும் ஒதுக்கி, மாறும்போது பொத்தானை அழுத்துங்கள். ஹெட்ஃபோனுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்க்கலாம். இல்லையென்றால் விண்டோஸ் பதிவேட்டில் உள்ள சாவியை எடுத்து உபுண்டுவில் எழுதலாம். முடியாத காரியமில்லை, ஆனால் அது அரை நாள் வேலை. உபுண்டுவில் பழையதை அழித்துச் சேர்க்க, முனையத்தில் இவ்வளவுதான். நடுவில் உள்ள முகவரிக்குப் பதிலாக, தேடும்போது திரையில் வரும் உங்கள் கருவியின் முகவரியைப் போடுங்கள்:

```
bluetoothctl
remove AA:BB:CC:DD:EE:FF
scan on
pair AA:BB:CC:DD:EE:FF
trust AA:BB:CC:DD:EE:FF
connect AA:BB:CC:DD:EE:FF
```

trust வரியை விட்டுவிட்டால் இன்று ஓடும், நாளை தானாகச் சேராது.

உள்ள இருக்குற ப்ளூடூத் சரியில்லன்னு யுஎஸ்பி துண்டு ஒண்ணு வாங்கிப் போட்டேன். இப்ப முன்னதவிட மோசம்.

விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு ப்ளூடூத் அடாப்டரைத்தான் ஒழுங்காகக் கையாளும். பழையது உள்ளே உயிரோடு இருக்கும்போது புதியதைச் செருகினால் இரண்டும் அடித்துக்கொள்ளும். Device Manager-இல் உள்ளிருக்கும் அடாப்டரை வலது சொடுக்கி Disable device கொடுங்கள். எது பழையது என்று குழப்பமாக இருந்தால் துண்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், மிச்சம் இருப்பதுதான் பழையது. பிறகு துண்டைச் செருகி, மவுஸையும் ஹெட்ஃபோனையும் புதிதாகச் சேருங்கள். பழைய சாவி பழைய சில்லின் முகவரிக்கானது, இங்கே உதவாது.

செருகும் ஓட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீல ஓட்டைக்குப் பக்கத்தில் செருகினால் மார்த்தாண்டத்துக்காரர் கதைதான் திரும்பும். நீட்டிப்பு ஒயர் ஒன்றையும் துண்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.